பேஸ்ட்ரி கிரீம்: தடித்ததும் இறக்குவதா, கொதிக்க விடுவதா?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டிலிருந்தே எக்லேயர், ஃப்ரூட் டார்ட் செய்து விற்பவர்களிடம் கேட்டால், அவற்றில் நிரப்பும் பேஸ்ட்ரி கிரீமை அடுப்பிலிருந்து எப்போது இறக்குவது என்பதில் இரண்டு கட்சி இருக்கும். தடித்ததும் இறக்கிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட வேண்டும் என்பது மற்றக் கட்சி. நான் இரண்டாவது கட்சி.

முதல் கட்சியின் பயம் எனக்குப் புரிகிறது. வட்டிலப்பமும் கரமல் புடிங்கும் செய்து பழகிய கை, முட்டை சேர்ந்த எதையும் கொதிக்க விடாது. சூடு கூடினால் வட்டிலப்பம் ஓட்டை ஓட்டையாகிவிடும். ஆனால் அவற்றில் மா இல்லை. பேஸ்ட்ரி கிரீமில் கோன்ஃப்ளவர் இருக்கிறது. அது பாலில் ஊதித் தடிக்கும்போது முட்டைப் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகித் திரைவதைத் தடுக்கிறது. அதனால் இதைத் துணிந்து கொதிக்க விடலாம்.

விடலாம் என்பதல்ல, விட்டே ஆக வேண்டும். மஞ்சட்கருவில் அமைலேஸ் என்ற நொதியம் உண்டு. மாப்பொருளை உடைப்பதுதான் அதன் வேலை; நம் உமிழ்நீரில் இருப்பதும் அதே வகைதான். கிரீம் 80 பாகையளவில் தடித்ததும் இறக்கினால் இந்த நொதியத்தில் கொஞ்சம் உயிரோடு மிஞ்சக்கூடும். அன்று மாலை பார்க்க எந்தக் குறையும் தெரியாது. இரவு முழுக்க பிரிட்ஜில் இருக்கும்போது அது மாவை மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். காலையில் கரண்டியால் எடுத்தால் நிற்காமல் வழியும். பலர் இதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை கோன்ஃப்ளவரைக் கூட்டிப் போடுகிறார்கள். அப்போது கிடைப்பது பசை மாதிரியான கிரீம். மிஞ்சிய நொதியம் அதையும் உடைக்கப் பார்க்கும். ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப உள்ளே விடுவதாலும் இதேபோல் இளகலாம்.

கொதித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? விஸ்க்கால் கலக்கிக்கொண்டே இருந்தால் குமிழ் தெரியாது. தடித்த பிறகு மூன்று நான்கு வினாடி கையை நிறுத்துங்கள். நடுவில் பெரிய குமிழ் ஒன்று சோம்பலாக எழும்பி 'பொளக்' என்று உடைய வேண்டும். ஓரத்தில் மட்டும் வரும் சின்னக் குமிழ் கணக்கில் வராது. நடுக்குமிழ் வந்ததிலிருந்து தீயைக் குறைத்து, விடாமல் கலக்கி, ஒரு நிமிடம் எண்ணுங்கள். பச்சை மா வாசமும் அதற்குள் போய்விடும்.

சரி, கிரீமில் கட்டி விழாமல் எப்படிச் செய்வது? இதிலும் இரண்டு வழி இருக்கிறது. அரை லீற்றர் பாலுக்கு 4 மஞ்சட்கரு, 100 கிராம் சீனி, 40 கிராம் கோன்ஃப்ளவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழியில் சீனியையும் கோன்ஃப்ளவரையும் உலர்வாகவே கலந்துவிட வேண்டும். சீனி மாத்துகள்களைப் பிரித்து வைக்கும். அதோடு மஞ்சட்கருவும் கொஞ்சம் குளிர்ந்த பாலும் சேர்த்து உடனே அடிக்க வேண்டும். மஞ்சட்கருவின் மேல் சீனியைக் கொட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனால், சீனி ஈரத்தை இழுத்து மஞ்சட்கருவைப் பொடிக் கட்டிகளாக்கிவிடும். மிச்சப் பாலைச் சூடாக்கி, மெல்லிய தாரையாக ஊற்றியபடி கலக்கி, எல்லாவற்றையும் சட்டிக்கே திருப்ப வேண்டும்.

இரண்டாவது வழியில் எல்லாவற்றையும் குளிராகவே ஒரே சட்டியில் போட்டு நடுத்தரத் தீயில் கலக்க வேண்டும். பாத்திரம் குறைவு, சூடான பால் பட்டு முட்டை வெந்துவிடுமே என்ற பயமும் இல்லை. ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது; கால் லீற்றர் அளவுக்கு நல்லது. அரை லீற்றருக்கு மேல் போனால் அடி வெந்து மேலே தண்ணியாக நிற்கும். அதனால் நான் முதல் வழியையே சொல்வேன்.

எந்த வழியானாலும் கட்டி பிறக்கும் நேரம் ஒன்றுதான்: கிரீம் திடீரென்று தடிக்கும் அந்தப் பத்துப் பதினைந்து வினாடி. அந்த நேரத்தில் சட்டியைத் தீயிலிருந்து தூக்கி, மூலைகளைச் சுரண்டி வேகமாக அடித்து, வழவழப்பானதும் திரும்ப வைத்துக் கொதிக்க விடுங்கள். அப்படியும் கட்டி தெரிந்தால் சூடாக இருக்கும்போதே வடியில் தேய்த்து வடியுங்கள். ஆறினால் கிரீமே இறுகிவிடும், வடிக்க வராது.

கொழும்பு வெக்கையில் சட்டியோடு மேசையில் ஆற வைக்காதீர்கள். அகலத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, ஆடை பிடிக்காதபடி பிளாஸ்டிக் தாளைக் கிரீமின் மேலேயே ஒட்டி மூடி, தட்டை ஐஸ் தண்ணீர்மேல் வைத்து ஆற்றி, உடனே பிரிட்ஜுக்கு அனுப்புங்கள். ஃப்ரீஸர் வேண்டாம், உருகும்போது தண்ணீர் பிரியும். மறுநாள் இறுகியிருந்தால் இளகும் அளவுக்கு மட்டும் அடித்துவிட்டுப் பைப்பிங் பையில் போடுங்கள்.