மாங்கனி கண்காட்சியில் கடையா, போச்சம்பள்ளி சந்தையில் கடையா: ஒரு முறுக்குக் கணக்கு

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் தங்கை ராகி முறுக்கும் சாமை மிக்சரும் போட்டு அக்கம்பக்கக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறாள். போன மாதம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தவள், "அண்ணா, இந்த வருஷம் கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியில ஒரு கடை எடுத்துடலாமா? இல்லேன்னா ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போகட்டுமா? எதுல காசு நிக்கும், சொல்லுங்க" என்றாள். அன்று இரவு இரண்டு பேரும் நோட்டைப் பிரித்துவைத்துப் போட்ட கணக்குதான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் வாடகை எந்தக் கண்காட்சியும் அறிவித்த தொகை அல்ல, கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்டது. நுழைவாயிலுக்குப் பக்கம் ஒரு விலை, மூலையில் ஒரு விலை என்று இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்குச் சொல்லப்படும் தொகையைப் போட்டுப் பாருங்கள், வழி ஒன்றுதான்.

கண்காட்சியிலிருந்து தொடங்குவோம். 25 நாள், பத்துக்குப் பத்து அடிக் கடை, வாடகை 30,000 ரூபாய். தனியார் நடத்துகிற இடமென்றால் இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். போனில் கேட்கும்போது பெரும்பாலும் வரி சேர்க்காத தொகையைத்தான் சொல்வார்கள். "வரியோட எவ்வளவு, கரண்டு தனியா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வரியோடு 35,400. கரண்டுக்கு 2,500. மேஜை, பேனர், விளக்குக்கு 3,000. கூட நிற்க ஒரு ஆளுக்கு நாளைக்கு 500 கூலி என்றால் 12,500. தங்கைக்கும் அதே 500 போட்டால் இன்னொரு 12,500. போக வரச் செலவு நாளைக்கு 150, சாப்பாடு இருவருக்கும் சேர்த்து 200. அப்புறம் ருசி பார்க்கக் கொடுப்பது நாளைக்கு ஒரு கிலோ, அடக்க விலையில் 180 ரூபாய். எல்லாம் சேர்த்து 79,150 ரூபாய்.

தன் கூலியை எழுதியபோது தங்கை தடுத்தாள். "நான் என் கடையில நிக்கறதுக்கு எனக்கே கூலியா?" என்று கேட்டாள். அந்த 25 நாளும் அவள் அக்கம்பக்கக் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்க முடியாது. அந்த இழப்பை எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும்? கண்காட்சியில் லாபம் பார்த்தோம் என்பவர்களில் பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

200 கிராம் பொட்டலம் 60 ரூபாய். மாவு, எண்ணெய், கேஸ், போடுகிற கூலி, கவர் எல்லாம் சேர்த்து அடக்கம் 36. ஒரு பொட்டலத்தில் நிற்பது 24 ரூபாய், அதாவது நூற்றுக்கு நாற்பது. 79,150 ரூபாய்ச் செலவை எடுக்கவே ஏறக்குறைய 1,98,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். நாளைக்கு 132 பொட்டலம், தினமும்.

தினமும் என்பதில்தான் சிக்கல். கண்காட்சிக் கூட்டம் சாயங்காலம் 5 மணிக்கு மேல்தான் திரளும், அதுவும் சனி, ஞாயிறு. 25 நாளில் 8 நாள் சனி, ஞாயிறு என்று வைப்போம். அந்த நாள்களில் 14,000 ரூபாயும் மற்ற 17 நாளில் 4,500 ரூபாயும் விற்றால் மொத்தம் 1,88,500. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது சதவீதம் போட்டால் 75,400. செலவில் 3,750 ரூபாய் துண்டு விழுகிறது. அவள் கூலியை எழுதாமல் இருந்திருந்தால் இதே கணக்கு 8,750 ரூபாய் லாபம் என்று காட்டியிருக்கும். ஒரு ஞாயிறு சாயங்காலம் மழை கொட்டினால் 14,000 ரூபாய் விற்பனை அப்படியே போய்விடும். வாடகையில் யாரும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள்.

சரக்குப் பக்கம் பார்த்தால் இன்னும் இறுக்கம். அவள் அடுப்பில் ஒரு நாளைக்கு 25 கிலோதான் போட முடியும், 125 பொட்டலம். வார நாளில் விற்பது 75. மீதி 50 பொட்டலம் ஐந்து நாளில் 250 ஆகும். சனி, ஞாயிறு போடுவது இன்னொரு 250. ஆக 500. விற்கத் தேவை 467, ருசி பார்க்கக் கொடுக்க வாரத்துக்கு 35, சேர்த்து 502. கணக்கு ஏறக்குறையச் சரியாகத்தான் வருகிறது, ஆனால் ஒரே ஒரு நாள் கேஸ் தீர்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மேஜை காலி. காலை முழுக்க அடுப்பு, மாலை முழுக்கக் கடை என்று 25 நாள் யார் தாங்குவது?

இதற்கு பயந்து முன்கூட்டியே மொத்தமாகப் போட்டு அடுக்குவதும் நடக்கும். இரண்டு வருஷம் முன்பு ஒரு கண்காட்சியில் நான் அப்படி அடுக்கியிருக்கிறேன். பதினெட்டாம் நாள் ஒரு பொட்டலத்தைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனதும் சிக்கு வாடை. முறுக்கு மொறுமொறுவென்றுதான் இருந்தது, கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நமுத்துப் போனதைத் திரும்ப வறுத்தாவது பார்க்கலாம், எண்ணெய் கெட்டதை ஒன்றும் செய்ய முடியாது. தகரக் கூரைக்குக் கீழே, விளக்குச் சூட்டில் வைத்தால் சீக்கிரமே கெடும். அன்றிலிருந்து ஒவ்வொரு தேதிச் சரக்கிலும் ஒரு பொட்டலத்தைத் தனியே எடுத்துவைத்து, நாலு நாளைக்கு ஒருமுறை கிழித்து முகர்ந்து பார்ப்பேன். தங்கையிடமும் இதைத்தான் சொன்னேன்.

சரி, சந்தைக்கு வருவோம். போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை. அங்கே 60 ரூபாய்ப் பொட்டலம் நகராது. காய்கறிப் பையை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் கால் கிலோ, நூறு கிராம் என்றுதான் கேட்பார்கள். போன வாரம் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். ஒரு பாட்டி பக்கத்துக் கடையில் முறுக்கு ஒன்றை எடுத்து ஒடித்தார், சத்தத்தைக் கேட்டார், ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, "போன வாரம் இதைவிட நல்லா இருந்துச்சே" என்று சொல்லிவிட்டுக் கால் கிலோ வாங்கிப் போனார். நல்லா இல்லை என்று சொல்லியும் வாங்கினார். போன வாரமும் வந்தவர், வருகிற வாரமும் வருவார். கண்காட்சியில் அந்த வாய்ப்பு குறைவு.

சந்தையில் கிலோ 200 ரூபாய்க்கு எடைபோட்டு விற்கலாம். முத்திரை போட்ட தராசு கட்டாயம். பொட்டலக் கவர் இல்லாததால் அடக்கம் கிலோவுக்கு 140, நிற்பது 60, நூற்றுக்கு முப்பது. வருமானச் சதவீதம் குறைவு, ஆனால் செலவைப் பாருங்கள். சுங்கம் 100, உதவி ஆள் 500, அவள் கூலி 500, சாப்பாடு 200, பைகள் 100. தனி ஆட்டோ பிடித்தால் போக வர 900. மொத்தம் 2,300. செலவை எடுக்கவே 38 கிலோவுக்கு மேல் விற்க வேண்டும். ஊரிலிருந்து வெங்காயம் ஏற்றிப் போகும் வண்டியில் 400 கொடுத்து இடம் பிடித்தால் செலவு 1,800, விற்க வேண்டியது 30 கிலோ. கண்காட்சிக் கடையை வாடகை தீர்மானிக்கிறது என்றால், சந்தைக் கடையைத் தீர்மானிப்பது வண்டிதான்.

சுங்கத்தில் ஒரு விஷயம். சந்தை வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள் வந்து கேட்பார். கடைக்கு எவ்வளவு என்ற கட்டணப் பலகை எங்கே இருக்கிறது என்று முன்வாரமே பார்த்துவைத்துக்கொண்டு, ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது கேட்கிறவரிடம் கூடுதலாகக் கேட்பது குறையும்.

முதல் இரண்டு மூன்று ஞாயிறு 20 கிலோதான் போகும் என்று வைத்தால் கிடைப்பது 1,200, வாரத்துக்கு 600 ரூபாய் கைவிட்டுப் போகும். முகம் பழகி 45 கிலோவுக்கு வந்தால் 2,700, கூலி போக 900 நிற்கும். மீந்தாலும் ஐந்தாறு கிலோதான், திங்கட்கிழமை அக்கம்பக்கக் கடைக்குப் போய்விடும்.

கணக்கை முடிக்கும்போதுதான் மூன்றாவது வழி தோன்றியது. கண்காட்சிக் கடையைப் பாதியாகப் பிரித்து, ஊறுகாய் விற்கும் ஒருவரோடு எடுப்பது. ஒரே சரக்கு விற்பவரோடு சேரக் கூடாது. வாடகை, கரண்டு, மேஜை, உதவி ஆளின் கூலி, சாப்பாடு எல்லாம் பாதியாகிச் செலவு 51,200-க்கு இறங்குகிறது. மேஜை பாதி என்பதால் விற்பனையும் 1,60,000 ஆகக் குறையும் என்றே வைத்தோம். அப்படியும் அவள் கூலி போக 12,800 நிற்கிறது.

| | முழுக் கடை | பாதிக் கடை | சந்தை (பழகியபின்) |
|---|---|---|---|
| செலவு | 79,150 | 51,200 | நாளுக்கு 1,800 |
| செலவு எடுக்கும் விற்பனை | நாளுக்கு 7,900 | நாளுக்கு 5,100 | நாளுக்கு 6,000 |
| கூலி போக நிற்பது, ஒரு நாளுக்கு | −150 | 510 | 900 |

ஒரு நாளுக்கு என்று வகுத்த பிறகுதான் சந்தையின் பலம் தெரிந்தது. ஆனால் போச்சம்பள்ளி வாரத்துக்கு ஒரே நாள். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையும் சேர்த்தால் வாரத்துக்கு இரண்டு நாள், அதற்கு மேல் அவள் அடுப்பும் உடம்பும் தாங்காது.

கண்காட்சிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வரும் ஒரு கடைக்காரர் மாதம் 50 கிலோ கேட்டால், அந்த ஒரு ஆர்டர் இந்தக் கணக்கையே மாற்றிவிடும். அதனால் அட்டை கொடுத்தால் போதாது, கேட்டவர் நம்பரையும் என்ன கேட்டார் என்பதையும் நோட்டில் எழுதி, முடிந்த மறுவாரமே கூப்பிட வேண்டும். பொட்டலத்தில் எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் எல்லாம் இருந்தால்தான் கடைக்காரர் கையில் எடுத்தே பார்ப்பார். சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் வாடகைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஆட்சியர் அலுவலகத்தில் மகளிர் திட்டப் பிரிவில் குழுக்களுக்கு அரங்கு ஒதுக்குகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

முழுக் கடை வேண்டாம் என்று என் பக்கம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். முதலில் எட்டு ஞாயிறு போச்சம்பள்ளி. அதில் 30 கிலோவைத் தாண்டாவிட்டால் கண்காட்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஏனென்றால் ருசியிலோ விலையிலோ ஏதோ சரியில்லை என்று அர்த்தம். தாண்டினால் பாதிக் கடை. தங்கை ஒத்துக்கொண்டாள். மறுநாளே வெங்காய வண்டிக்காரரிடம் பேசியிருக்கிறாள். ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு மெயின் ரோட்டில் மூட்டையோடு நிற்க வேண்டுமாம், ஐந்து நிமிஷம் தாமதமானால் வண்டி நிற்காதாம்.