49 ரூபாய்க்கு 5,000 டைமண்ட்

என் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். அவன் ஏமாந்த கதையை, அவன் சம்மதத்தோடு, ஒரு பள்ளியில் மாணவர்களிடம் சொன்னேன். அங்கே பேசியதை இங்கே பதிகிறேன்.

பிள்ளைகளே, அவன் கைப்பேசியில் விளையாடுகிற துப்பாக்கி விளையாட்டில் டைமண்ட் இருந்தால்தான் நல்ல உடையும் ஆயுதமும் கிடைக்கும். ஒரு நாள் விளையாட்டின் உள்ளேயே ஒருவன் செய்தி அனுப்பினான்: “தம்பி, நீ 5,000 டைமண்ட் ஜெயித்திருக்கிறாய். டெலிகிராமுக்கு வா.” விளையாட்டுக்குள் ஒருவனைப் பற்றிப் புகார் செய்ய ஒரு பொத்தானாவது இருக்கும். வெளியே அழைத்துப் போய்விட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் அழைக்கிறார்கள்.

அங்கே முதலில் கேட்டது 49 ரூபாய், ‘சரிபார்ப்புக் கட்டணம்’ என்று. அக்காளின் கைப்பேசி, அக்காளின் யுபிஐ. பின் எண் பையனுக்குத் தெரியும். கட்டினான். அடுத்து 499, ‘திரும்பக் கிடைக்கும் முன்பணம்’. அதற்கடுத்து 1,999, ‘ஜிஎஸ்டி’. நாற்பத்தொன்பது போனால் போகட்டும் என்று கட்டியவனுக்கு, 1,999 கேட்கும்போது ஏற்கெனவே போன 548 ரூபாயை மீட்டாக வேண்டும் என்ற தவிப்பு வந்துவிடுகிறது. முதலில் சின்னத் தொகை கேட்பதன் சூட்சுமம் இதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். “எனக்கு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று பையன் கேட்டான். உடனே சம்மதித்து ஒரு க்யூஆர் படத்தை அனுப்பினார்கள். “இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடு, மொத்தப் பணமும் திரும்பிவிடும்.” போட்டான். 4,999 ரூபாய் போய்விட்டது.

அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது ஒரு வரி எழுத்துதான். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=பெறுபவர்-முகவரி&am=4999
```

`pay` என்றால் ‘செலுத்து’. `pa` பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும், `am` எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. இதை ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவர். ஸ்கேன் செய்து பணம் பெறுவதென்று யுபிஐயில் ஒன்று கிடையாது. பின் எண் நம் கணக்கிலிருந்து பணத்தை அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். நமக்கு ஒருவர் பணம் அனுப்பினால் நாம் எதையும் அழுத்தாமலேயே வந்து சேரும்.

இதற்குப் பிறகும் விடவில்லை. “அம்மாவின் பணத்தைத் திருடியிருக்கிறாய். இன்னும் 5,000 அனுப்பு, இல்லையென்றால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்” என்றான். பையன் பயந்து உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் அக்காளுக்கே விஷயம் தெரிந்தது. மிரட்டியவன் அம்மாவிடம் சொல்லியிருக்கவே மாட்டான். அம்மாவுக்குத் தெரிந்தால் அவன் பிழைப்பு அங்கேயே முடிந்துவிடும்.

அக்காள் இணைய மோசடிகளைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தாள். அவர்கள் கேட்டது: எந்த வங்கி, எவ்வளவு, எப்போது, ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண். இவை பணம் செலுத்திய செயலியிலேயே இருக்கும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சம் இருந்தால் வங்கி அதை நிறுத்தி வைக்கும். ஆனால் மோசடிக்காரர்கள் பணம் வந்த வேகத்தில் அதை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றி எடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் தாமதத்தில் எங்களுக்கு மிச்சம் எதுவும் சிக்கவில்லை. டெலிகிராமில் அவன் வைத்திருந்த புனைபெயரும் உரையாடலோடு அழிந்துபோயிற்று. அழிக்காதீர்கள், திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

அந்தக் ‘கைமாறும் கணக்குகள்’ யாருடையவை தெரியுமா? பல நேரம் கல்லூரி மாணவர்களுடையவை. “உன் கணக்கைக் கொடு, வருகிற பணத்தில் கமிஷன் தருகிறேன்” என்று கேட்டு வாங்கியவை. போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரர் வீட்டில்.

‘மாடலிங் வாய்ப்பு’ என்று வருவதும் இதே படிக்கட்டுதான். முதலில் சாதாரணப் படம், பிறகு ஆல்பத்துக்குக் கட்டணம், பிறகு ‘உடல் அளவுக்காக’ வேறு விதமான படம். அதை அனுப்பிய நிமிடம் மிரட்டல் தொடங்கும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரிடம் அப்படிப் படம் கேட்பதே குற்றம், குற்றவாளி கேட்டவன். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது. வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், இலவசம். படம் பரவிவிடுமோ என்று பயந்தால் takeitdown.ncmec.org என்ற தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகும். அது மட்டும்தான் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற, இதில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்குப் போகும். அதை வைத்து அவர்கள் தங்கள் தளத்தில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முடியும். வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பப்படுவதை இது தடுக்காது. அதற்குப் போலீஸ்தான், cybercrime.gov.in வழியாக.