மரப்பிசின் கறை: வெந்நீரா, எண்ணெயா, ஸ்பிரிட்டா?

வேப்பமரத்தடியில் நிறுத்திய காரின் பானெட்டில் தேன் நிறத்தில் இறுகிக் கிடக்கும் துளியைக் கண்டதும் பலர் பெட்ரோலைத் தேடுகிறார்கள். அந்தத் துளியைப் பெட்ரோல் கரைக்காது. வேம்பு, முருங்கை, கருவேலம் தரும் பிசின் தண்ணீரில் ஊறி இளகும் வகை. பலாப்பாலும், கொடைக்கானல் பக்கம் பைன் மரத்தில் வடியும் பிசினும் தண்ணீருக்கு மசியாது. எதை எடுத்துத் துடைப்பது என்பதை முதலில் துளியிடம்தான் கேட்க வேண்டும்: நனைத்த பஞ்சை அதன் மேல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேல்பரப்பு வழவழவென்று ஊறியிருந்தால் வெந்நீரே போதும்.

பெயிண்டுக்கு என் முதல் தேர்வு வெந்நீர்தான். வண்டியை நிழலில் ஆறவிட்டு, முதலில் தூசியைக் கழுவுங்கள். தூசியோடு தேய்த்தால் பிசின் போகும், கீறல் நிற்கும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் நனைத்த துணியைத் துளியின் மேல் போட்டு, ஆற ஆற மாற்றுங்கள். முழுதும் ஊறிய வேப்பம்பிசின் விரலால் தள்ளினாலே வழுக்கி வரும். பொறுமையில்லாமல் நகத்தால் பெயர்த்தால் அடியில் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சில் வடு விழும்.

பைன் பிசினுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்னும் ஸ்பிரிட்தான் ஏற்றது. பஞ்சில் நனைத்து அரை நிமிடம் ஒற்றி வைத்து, தேய்க்காமல் வழித்தெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். அது அந்த இடத்து மெழுகையும் எடுத்துவிடுவதால் பிறகு வாக்ஸ் பூசுவது அவசியம். மண்ணெண்ணெயும் பைன் பிசினைக் கரைக்கும். ஆனால் எண்ணெய்ப் படலமும் நாற்றமும் மிஞ்சும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதியில் இரண்டுமே ஆபத்து. மறைவான ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்துங்கள். நகப்பூச்சு நீக்கியை எந்தப் பகுதியிலும் தொடவே கூடாது.

ஸ்கூட்டர் சீட்டில் கணக்கு மாறுகிறது. ரெக்சினை மிருதுவாக வைத்திருப்பது அதனுள் சேர்த்திருக்கும் ஒருவகை எண்ணெய்ப் பொருள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதை உறிஞ்சி எடுத்துவிடும். அன்று சீட் பளிச்சென்று தெரியும். நாளடைவில் விறைத்து, தையல் ஓரமாக வெடிக்கும். ஸ்பிரிட்டையும் இங்கே கடைசி வழியாகவே, சிறு புள்ளியளவில் மட்டும் பயன்படுத்துவேன்.

சீட்டில் பலாப்பால் சொட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய்தான் வெல்கிறது. பலாச்சுளை எடுப்பதற்கு முன் கையில் தடவுகிறோமே, அதே எண்ணெய். இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துணியால் உருட்டினால் பால் திரண்டு வந்துவிடும். தையல் துளை வழியாக எண்ணெய் பஞ்சுக்குள் இறங்காதபடி குறைவாக விடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை முழுவதையும் துடைத்தெடுத்தாக வேண்டும்; இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது உட்கார்ந்திருப்பவர் வழுக்குவார்.

பிசினை எடுத்த பிறகும் பெயிண்டில் மங்கிய வளையம் தெரிந்தால் விரல்நுனியால் மெல்லத் தடவுங்கள். மழமழவென்று இருந்தால் பாலிஷ் போட்டால் சரியாகலாம். பள்ளம் தட்டினால் பெயிண்டரிடம்தான் போக வேண்டும்.