‘Cover Open’ என்று காட்டிய பிரிண்டருக்கு 18,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன்

மாங்குளத்தில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். நேற்று இரவுதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் ஏமாறக் கூடாது.

போன மாதம் என் லேசர் பிரிண்டர் முன்மூடி பூட்டியிருக்கும்போதே `Cover Open` என்று காட்டத் தொடங்கியது. டோனர் தட்டைக் கழற்றித் திரும்பப் போட்டு மூடினால் பத்துப் பக்கம் அடிக்கும், பிறகு அதே செய்தி. தவணைப் பரீட்சை வினாத்தாள் வேலை குவிந்திருந்த நேரம். மூடியை நானும் இரண்டு மூன்று தடவை பலமாக அடித்துச் சாத்தினேன். கடைசியில் ஒரேயடியாக நின்றுவிட்டது.

பஸ்ஸில் வைத்து வவுனியாவுக்குக் கொண்டு போனேன். பிரிண்டர் திருத்தும் கடைதான். அங்கிருந்தவர் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். “அண்ணை, சென்சர் போர்ட் போட்டுது. கொழும்பிலயிருந்து எடுக்கோணும், 18,500 வரும். உங்கட தொழில் நிக்கக் கூடாதெண்டு நான் கெதியாச் செய்து தாறன்” என்றார். தொழில் நிற்கக் கூடாது என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லில் நம்பிவிட்டேன். பில் கேட்கவில்லை. பழைய போர்டைத் திருப்பித் தரும்படியும் கேட்கவில்லை. 18,500 ரூபாவையும் முழுதாக எண்ணிக் கொடுத்தேன்.

ஆறு நாள் கழித்து வாங்கி வந்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் `Cover Open`.

போன் எடுத்தால், “கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் அண்ணை.” அடுத்த நாள், “நீங்கள் போடுற டோனர் சரியில்லை.” அதற்கடுத்த நாள் வேறொருவர் எடுத்து, “அவர் சாப்பிடப் போட்டார்” என்றார். மாலை நான்கு மணிக்குச் சாப்பாடாம். நேரில் போனேன். “போர்டுக்கு வாரண்டி இல்லை, வேணுமெண்டால் விட்டிட்டுப் போங்கோ, திரும்பப் பார்க்கக் காசு வரும்” என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

நேற்றுப் பாடசாலை இயந்திரங்கள் திருத்தும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். முதலில் டோனர் தட்டை முழுதாக வெளியே எடுத்து, வெறுமையாகவே மூடியைச் சாத்தச் சொன்னார். செய்தி மாறவில்லை. மூடி சரியாக மூடியிருந்தால் டோனர் இல்லை என்றல்லவா காட்ட வேண்டும் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது: இந்தச் செய்தியைக் கொடுக்கும் சுவிட்ச் டோனரைப் பார்ப்பதே இல்லை. மூடியின் உள்விளிம்பில் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் முனை இருக்கிறது. மூடும்போது அது ஒரு துவாரத்துக்குள் போய்ச் சுவிட்சை அமுக்கும். தட்டு முழுதாக உட்காராவிட்டால் மூடி ஒரு மில்லிமீற்றர் விலகி நிற்கும், முனை சுவிட்சை எட்டாது. என் இயந்திரத்தில் முதலில் நடந்தது அதுதான். மீள்நிரப்பிய டோனரின் பக்கமூடித் திருகாணி தளர்ந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தட்டு ஓடும் தடத்தில் கிரவல் தூசி வேறு. அதற்கு மேல் நான் அடித்துச் சாத்தியதில் முனை உடைந்துவிட்டது.

அந்தக் கடைக்காரர் என்ன செய்திருக்கிறார்? துவாரத்துக்குள் மடித்த மட்டைத்துண்டு ஒன்றைச் செருகியிருக்கிறார். அது நழுவி உள்ளே கிடந்தது. போர்டு மாற்றவே இல்லை. அதன் திருகாணிகளில் பழைய தூசி அப்படியே படிந்திருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. 18,500 ரூபா, ஒரு மட்டைத்துண்டுக்கு! தம்பி பழுதான பழைய இயந்திரம் ஒன்றின் முன்மூடியைக் கழற்றிப் போட்டு, திருகாணியையும் இறுக்கினார். 1,500 ரூபா வாங்கினார். இப்போது ஓடுகிறது.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். இவ்வளவையாவது பாருங்கள். பிரிண்டரை நிறுத்தி, சூடு ஆறும்வரை கால் மணி நேரம் விடுங்கள். தட்டை எடுத்து வெளிச்சம் படாமல் தாளால் மூடி வையுங்கள், வெளிச்சம் பட்டால் அதிலுள்ள டிரம் உருளை கெட்டுப்போகும். தடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். டோனரை டிரம்மோடு ‘கிளிக்’ கேட்கும்வரை பொருத்தி, தட்டை இரண்டு கையாலும் ஒரேயளவாக உள்ளே தள்ளுங்கள். மூடி இலகுவாகச் சாத்தவில்லை என்றால் அமுக்காதீர்கள், திரும்ப வெளியே எடுங்கள். திருத்தக் கொடுத்தால் பில்லும் பழைய பாகமும் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். அந்தத் துவாரத்துக்குள் மட்டையோ குச்சியோ யாரும் செருக விடாதீர்கள். செருகினால் மூடி திறந்திருக்கும்போதே பற்சக்கரங்கள் சுழலும், உள்ளே உயர் அழுத்த மின்சாரமும் இருக்கும். என் கடையில் மூடியைத் திறந்து தாள் எடுப்பது பதினாறு வயது மகள்.