வெள்ளைக் காலுறையா, தோல்நிறக் காலுறையா?

ஈரம் சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் தொங்கும் ஒரு வெள்ளைக் காலுறை. அதன் கீழே "இதே மாதிரி ஒரு ஜோடி வேண்டும்" என்று ஒற்றை வரி. சர்ஜிக்கல் கடை வைத்திருக்கும் எங்களுக்குக் கைப்பேசியில் வரும் படங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். படத்தை அனுப்பியவர் மகன். அணிபவர் அவருடைய அம்மா: வயது 58, பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை. போன வருடம் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவமனையில் மாட்டிவிட்ட காலுறை அது. இப்போது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கடுக்கிறது என்பதால், பீரோவில் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது விரல் பக்கத்து ஓட்டை. வெள்ளை நிறம், மெல்லிய பின்னல், விரல் நுனியருகே ஒரு சிறு திறப்பு: இவை மூன்றும் சேர்ந்தால் அது படுக்கை நோயாளிக்கான காலுறை. செவிலியர் காலுறையைக் கழற்றாமலே விரலின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பதற்குத்தான் அந்தத் திறப்பு. அதைக் கிழிசல் என்று நினைத்து ஒருவர் தைத்தே வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நரம்புச் சுருட்டலுக்கான காலுறை பெரும்பாலும் தோல்நிறத்தில் வரும். துணி தடிமனாக இருக்கும், குதிகால் தெளிவாகப் பின்னப்பட்டிருக்கும். விரல் பக்கம் முழுவதும் திறந்திருக்கலாம், மூடியும் இருக்கலாம். தொடை வரை வருவதாக இருந்தால் மேல் விளிம்பின் உட்புறம் சிலிக்கோன் புள்ளிகள் ஓடும். மூன்றாவதாக, குதிகாலே இல்லாமல் ஒரே அகலத்தில் வெட்டிய குழாய் போன்ற எலாஸ்டிக் துணியையும் சிலர் படமெடுத்து அனுப்புவார்கள். அது சுளுக்குக்கும் கட்டைப் பிடித்து வைக்கவும் உதவும். கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்துவது அதன் வேலை இல்லை.

வெள்ளையும் தோல்நிறமும் நிறத்தில் மட்டும் வேறுபட்டிருந்தால் இத்தனை பேச்சு தேவையில்லை. வெள்ளைக் காலுறை கணுக்காலில் தரும் அழுத்தம் சுமார் 18 மி.மீ. பாதரசம், ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகுதான். படுத்திருக்கும்போது கணுக்கால் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், உள்ள அழுத்தம் 10 முதல் 20 வரைதான் என்பதால் அது போதும். ரத்தம் தேங்கி உறையாமல் இருக்க உதவும். எழுந்து அசையாமல் நின்றால் அதே சிரையில் அழுத்தம் 80, 90 என்று ஏறிவிடுகிறது. காலை ஆறு மணியிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கும் காலுக்கு வெள்ளைக் காலுறை மிகச் சொற்பம். அந்த அம்மாவுக்குக் கடுப்பு குறையாததில் வியப்பில்லை.

தோல்நிறக் காலுறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியில் 'கிளாஸ் 2' என்று மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஜெர்மன் முறையில் இரண்டாம் வகுப்பு என்றால் 23 முதல் 32. பிரிட்டிஷ் முறையில் அதே இரண்டாம் வகுப்பு 18 முதல் 24. அமெரிக்கப் பெட்டிகள் வகுப்பைப் பெரிதாகச் சொல்லாமல் 20–30 என்று எண்ணாகவே போடுகின்றன. மருத்துவர் எழுதியது எந்த எண் என்று கேட்டு, அந்த எண்ணைப் பெட்டியில் தேடுங்கள். படத்தைப் பார்த்து இந்த எண்ணை யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் விளிம்பின் உட்புற லேபிளையும் பெட்டியின் பக்கவாட்டையும் தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போய், முழங்கால் வரைக்குமான 23–32 காலுறைக்குச் சீட்டு வாங்கிவந்தார் மகன். அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அதனால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்திருக்கிறதா என்று மருத்துவர் முதலில் பார்த்திருக்கிறார். ரத்த அழுத்தம் கணுக்காலில் 130, கையில் 136. வகுத்தால் ஏறத்தாழ 0.96. இது 0.8க்குக் கீழே இருந்தால் மருத்துவர் முடிவு செய்யாமல் காலுறை போடக்கூடாது. 0.5க்குக் கீழே என்றால் நினைக்கவே கூடாது: ஏற்கெனவே ரத்தம் குறைந்த காலை இறுக்கினால் தோல் செத்துப் புண்ணாகிவிடும். சர்க்கரைக்காரர்களுக்குத் தமனி கெட்டித்துப்போய் இந்த எண் பொய்யாகக் கூடுதலாகவும் காட்டலாம். ஆகவே பாதத்துடிப்பையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்பவர்களும், இரவில் பாதம் வலித்துக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் இதமாகிறது என்பவர்களும் இந்தச் சோதனை இல்லாமல் காலுறை கேட்டால் நான் கொடுப்பதில்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது அளவு. வேலை முடிந்து வந்த மாலையில் மகன் அளந்து அனுப்பினார். கணுக்கால் மூட்டுக்குச் சற்று மேலே, கால் மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் 24 செ.மீ. கெண்டைக்கால் மிகப் பருத்த இடத்தில் 41. பெட்டி அட்டவணையில் எல் அளவுக்குக் கணுக்கால் 24–27, கெண்டைக்கால் 38–43. இரண்டும் கச்சிதம். எம் அளவுக்குக் கணுக்கால் 21–23.5, கெண்டைக்கால் 33–39. எல்லாம் பொருந்துகிறதே, அனுப்பிவிடுங்கள் என்றார். மறுநாள் படுக்கையை விட்டு எழுந்ததும், கால் தரையில் அதிகம் படுமுன் மறுபடி அளக்கச் சொன்னேன். கணுக்கால் 22, கெண்டைக்கால் 38.5. இப்போது எம்.

முந்தைய அளவு காலின் அளவு இல்லை, வீக்கத்தின் அளவு. எல் வாங்கியிருந்தால் காலையில் கணுக்காலில் தளர்ந்து கெண்டைக்காலில் மட்டும் பிடித்திருக்கும். அழுத்தம் எங்கே கூடுதலாக இருக்க வேண்டுமோ அங்கே குறைந்திருக்கும். பெட்டியில் அச்சிட்ட எண் அந்த அட்டவணை எல்லைக்குள் இருக்கும் கணுக்காலுக்குத்தான் செல்லும். கணுக்கால் எம், கெண்டைக்கால் எல் என்று நிஜமாகவே வந்தால் பெரியதற்குத் தாவாமல், அகலக் கெண்டைக்கால் வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அளவெடுத்துச் செய்ய வேண்டும். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரைக்கும் உயரத்தையும் அளந்துவிடுங்கள். நீளம் மிஞ்சினால் மேலே மடித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. மடித்த இடத்தில் இரண்டு அடுக்காகிக் கயிறு கட்டியது போல் இறுக்கும்.

இடுப்புப் பெல்ட்டுக்கும் முழங்கால் உறைக்கும் இதே பார்வைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டின் முதுகுப் பக்கம் செங்குத்தாகப் பட்டைகள் தெரிந்தால் அது முதுகுவலிக்கானது. சுற்றிலும் ஒரே எலாஸ்டிக் என்றால் பிரசவத்துக்கும் வயிற்று அறுவைக்கும் பிந்தையது. பேண்ட் அளவைச் சொல்லி வாங்காமல், அட்டவணை சொல்லும் இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். முழங்கால் உறையில் பக்கவாட்டுக் கீல் இருக்கிறதா என்பதை முன்பக்கப் படம் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, பக்கவாட்டுப் படமும் வேண்டும்.

அந்த அம்மா எம் அளவையே வாங்கினார். காலையில் எழுந்ததும் போட்டு, இரவு படுக்கும்போது கழற்றுகிறார். முதல் வாரம் மட்டும் குதிகாலைத் தாண்டி இழுக்க மகன் உதவ வேண்டியிருந்தது. காலில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக் காலுறை இன்னும் அந்த நாற்காலியில்தான் தொங்குகிறதாம்.