ஹெக்ஸ் கடனைச் சிங்கப்பூர்ச் சம்பளத்தில் கட்டுவது: பல வருட அனுபவம்

பெர்த்தில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான், "அக்கா, உங்க ஹெக்ஸ் எப்போ முடியும்? எனக்கு எத்தனை வருஷம் ஆகும்?" அவனும் என்னைப் போல ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவன், பட்டப்படிப்புக் கட்டணம் முழுவதையும் ஆஸ்திரேலிய அரசாங்கம் தரும் ஹெல்ப் படிப்புக் கடனில் போட்டவன். (1989-இல் ஆரம்பித்தபோது வைத்த ஹெக்ஸ் என்ற பேரில்தான் இன்றும் எல்லாரும் சொல்கிறோம்.) வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். கடன் எப்படி வாங்குவது, யாருக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது. இந்தக் கடன் என்னை ஒருநாளும் நெருக்கியதில்லை. நடுவில் வேலை இல்லாமல் இருந்த காலத்தில் ஒரு வெள்ளிகூடக் கட்டச் சொல்லிக் கடிதம் வரவில்லை, ஏனென்றால் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கட்ட வேண்டும், அந்த வருடம் அது தாண்டவே இல்லை. அதே சமயத்தில், இங்கே பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அப்பாவின் சிபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துப் படித்த என் தோழி மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். அதை அதிகபட்சம் 12 வருடத்துக்குள் திருப்பி வைக்க வேண்டும், வட்டியோடு. அவளுக்கு எப்போது முடியும் என்று நன்றாகத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு மூச்சுவிட இடம் இருந்தது, அவளுக்கு இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருந்தால் கட்ட வேண்டாம் என்று இன்னமும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2017-இலிருந்து அது கிடையாது. 183 நாளுக்கு மேல் வெளியே தங்கப் போனால் கிளம்பிய 7 நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 31-க்குள் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அதை ஆஸ்திரேலிய டாலரில் மாற்றிக் காட்ட வேண்டும். அதன் மேல் கணக்குப் போட்டு வரும் பில்லை நவம்பர் 21-க்குள் கட்ட வேண்டும். அங்கே இருப்பவர்களுக்குச் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். இங்கே நம் முதலாளி எதையும் பிடிக்க மாட்டார், ஆகவே ஒரே அடியாகத்தான் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். தம்பியின் நிலைமைக்கு அருகில் வருகிற எண்களை எடுத்துக்கொள்கிறேன். கடன் 40,000 டாலர் இருந்தது. 2025-இல் அரசாங்கம் எல்லாருடைய பாக்கியிலும் 20 விழுக்காடு குறைத்தது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான், ஆக 32,000. சம்பளம் மாதம் 6,000 வெள்ளி, வருடத்துக்கு 72,000. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 1.15 ஆஸ்திரேலிய டாலர் என்று வைத்தால் 82,800 டாலர். வேலை சார்ந்த கழிவுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழைய முறையில், அதாவது 2024-25 வரை, வருமானம் எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படியின் விழுக்காட்டை மொத்தச் சம்பளத்தின் மேல் எடுப்பார்கள். 82,800-க்கு 4 விழுக்காடு, 3,312 டாலர். அந்த முறையில் கொடுமையான ஒரு விஷயம் இருந்தது: 84,107 டாலர் சம்பாதித்தால் 4 விழுக்காடு, அதற்கு மேல் ஒரே ஒரு டாலர் கூடினால் 4.5 விழுக்காடு. அந்த ஒரு டாலருக்காக 421 டாலர் அதிகம் கட்ட வேண்டும். போனஸ் வந்த வருடம் கையில் குறைந்தவர்கள் உண்டு. 2025-26-இலிருந்து அது போய்விட்டது. அந்த வருடக் கணக்கில் 67,000 டாலருக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும் டாலருக்கு 15 காசு. 1,25,000-க்கு மேல் 17 காசு, அதற்கும் மிக உயரத்தில் வேறு கணக்கு, அது நமக்கு வேண்டாம். 82,800-இல் 67,000 போக 15,800, அதில் 15 விழுக்காடு 2,370 டாலர். நம் பணத்தில் 2,060 வெள்ளி சொச்சம், மாதத்துக்கு 170 வெள்ளி ஒதுக்கினால் ஏறக்குறைய போதும்.

இது நல்ல மாற்றம் என்று நான் மனதாரச் சொல்வேன். ஆனால் எத்தனை வருடம் என்று கேட்டால் இதே மாற்றம் பதிலை நீட்டிவிடுகிறது. இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, விலைவாசிக்கு ஏற்ப ஜூன் 1-ஆம் தேதி பாக்கியை உயர்த்துவார்கள். சம்பளமும் 67,000 என்ற வரம்பும் அதே வேகத்தில் ஏறுவதாக வைத்தால், பாக்கியை வருடக் கட்டணத்தால் வகுத்தாலே வருடக் கணக்கு கிடைத்துவிடும். பழைய முறையில் 32,000-ஐ 3,312-ஆல் வகுத்தால் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. புதிய முறையில் 2,370-ஆல் வகுத்தால் பதின்மூன்றரை. மாதச் சுமை இறங்கியது, முடிவு தள்ளிப்போனது.

சம்பளம் குறைவானவர்களுக்கு இது இன்னும் கடுமை. வருடத்துக்கு 62,000 வெள்ளி வாங்குபவர் அதே விகிதத்தில் 71,300 டாலர். வரம்புக்கு மேல் 4,300, அதில் 15 விழுக்காடு 645 டாலர். உயர்வை 3 விழுக்காடு என்று பிடித்தால் (2025-இல் 3.2) 32,000-க்கு 960 டாலர் ஏறும். 645 கட்டுகிறார், 960 ஏறுகிறது, வருடக் கடைசியில் பாக்கி கூடியிருக்கும். பழைய முறையில் இவர் 3 விழுக்காடு, 2,139 டாலர் கட்டியிருப்பார், வலித்திருக்கும், ஆனால் பாக்கி இறங்கியிருக்கும். உங்கள் கடன் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்: ஒரு வருட உயர்வை 0.15-ஆல் வகுத்து 67,000-உடன் கூட்டுங்கள். 960-க்கு அது 73,400 டாலர், மாதம் 5,300 வெள்ளி சொச்சம். அதற்குக் கீழே சம்பளம் என்றால் கட்டாயத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் வரை பாக்கி எண் குறையாது. வயதானால் தள்ளுபடி என்பதும் இதில் இல்லை, ஆள் இறந்தால்தான் மிச்சம் ரத்தாகும்.

அப்புறம் நாணய மாற்று. இதை அங்கே இருப்பவர்கள் யோசிக்கவே தேவையில்லை, நமக்கு இது பெரிய விஷயம். அதே 72,000 வெள்ளிச் சம்பளம், ஒரு வெள்ளிக்கு 1.10 டாலர் என்றால் 79,200 டாலர், பில் 1,830 டாலர், நம் கணக்கில் 1,664 வெள்ளி. 1.18 ஆனால் 84,960 டாலர், பில் 2,694, நம் கணக்கில் 2,283 வெள்ளி. சம்பளம் ஒரு காசு ஏறவில்லை, பில் 600 வெள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. வரம்பு டாலரில் நிற்கிறது, நம் சம்பளம் வெள்ளியில் நிற்கிறது, அதுதான் காரணம். டாலர் சரிந்தால் கடன் மலிவாகும் என்று சொல்வார்கள். பாக்கி மலிவாகிறது உண்மைதான், அந்த வருட பில் மட்டும் கூடிவிடுகிறது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஜூன் 1. உயர்வு ஏறுவது அந்தத் தேதியில், கட்டாயத் தொகை வரவில் வருவதோ வரிக் கணக்கு முடிந்த பிறகு. அங்கே வேலை பார்க்கும் என் தங்கைக்கு ஜூலையிலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்கள், மே முடிவதற்குள் பெரும்பகுதி பிடித்தாயிற்று, ஆனாலும் ஜூன் 1-ஆம் தேதி அந்தப் பணம் கழியாத முழுப் பாக்கியின் மேல்தான் உயர்வு ஏறுகிறது. 32,000-இல் 2,370 பிடித்திருந்தால் 29,630-க்குத்தான் ஏற வேண்டும், ஏறுவதோ 32,000-க்கு. 71 டாலர் வித்தியாசம். தொகை சின்னதுதான், ஆனால் கொடுத்த பணத்துக்கும் சேர்த்து ஏற்றுவது எப்படி நியாயமாகும்? இந்த நேரக் குளறுபடியை மாற்றச் சொல்லி 2024 பிப்ரவரியில் வந்த பல்கலைக்கழக உடன்பாட்டு அறிக்கையே பரிந்துரைத்தது. விலைவாசி, ஊதிய உயர்வு இரண்டில் எது குறைவோ அதை எடுக்கும் மாற்றம் வந்தது, 2023-இன் 7.1 விழுக்காட்டை 3.2 ஆக்கித் திருப்பியும் கொடுத்தார்கள், அதற்கு நன்றி. தேதி மட்டும் அப்படியே நிற்கிறது.

நமக்கு இங்கே பிடித்தம் இல்லையே, மே மாதமே கட்டிவிடலாமே என்று தம்பி கேட்டான். கட்டலாம். ஆனால் அது விருப்பக் கட்டணம் என்ற கணக்கில் போகும். கடன் முழுசாகத் தீர்ந்துவிடாத வரை, நவம்பரில் வரும் 2,370-இலிருந்து அதைக் கழிக்க மாட்டார்கள். மே மாதம் 2,000 கட்டியவர் நவம்பரில் 2,370-உம் கட்டத்தான் வேண்டும். முன்கூட்டியே கட்டும் நல்ல பழக்கத்துக்கு இந்த ஏற்பாட்டில் மரியாதை இல்லை, எனக்கு வருடாவருடம் கோபம் வருவது இதில்தான். முன்பு விருப்பக் கட்டணத்துக்கு 5 விழுக்காடு சலுகையாவது இருந்தது, 2017-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

எண்களை மட்டும் பார்த்தால் அவசரப்பட்டுக் கட்டவே கூடாது. 3 விழுக்காடு ஏறும் கடனுக்காக 4 விழுக்காடு தரும் சிபிஎஃப் சிறப்புக் கணக்கை விடுவது தப்புக் கணக்கு, அந்தக் கணக்கில் போட்டால் இங்கே வரிச் சலுகையும் உண்டு. இதைத் தம்பியிடமும் சொன்னேன். இருந்தாலும் நான் கட்டுகிறேன். வருடத்துக்கு 2,000 டாலர் கூடுதலாகப் போட்டால் பதின்மூன்றரை வருடம் ஏழு வருடச் சொச்சமாக இறங்குகிறது, எனக்கு அந்த ஏழு போதும். நல்ல கடன், நியாயமான கடன், யாருக்கும் பயமில்லாமல் பரிந்துரைப்பேன், அதே சமயம் ஒவ்வொரு வருடமும் சம்பளத்தை வெள்ளியிலிருந்து டாலருக்கு மாற்றி எழுதிக் கொடுக்கும் வேலை என் நாற்பதுகளிலும் தொடர எனக்கு மனமில்லை.

நீங்களும் அப்படிக் கட்டுவதாக இருந்தால், இங்கிருந்து பணம் போய்ச் சேர நாளாகும், மே நடுவிலேயே அனுப்பிவிடுங்கள். பணம் அனுப்பும்போது குறிப்பிட, படிப்புக் கடனுக்கு என்று தனி PRN எண் இருக்கிறது, வருமான வரிக்கானதைப் போட்டால் பணம் வரிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். மாதம் முடிவதற்குள் ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் myGov தளத்தில் பாக்கி குறைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.