கூரியர், தபால், டவுன் பஸ்: கிராமத்திலிருந்து ஆறு வருடப் பார்சல் அனுபவம்

தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் கிராமம் எங்களுடையது. முருங்கை இலையை நிழலில் காயவைத்துப் பொடியாக்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். பாக்கெட் கவர், மிஷின் சாமான் எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். வாரத்துக்கு ஏழெட்டுப் பார்சல் போவதும் வருவதுமாக ஆறு வருடம் ஓடிவிட்டது. எது நல்ல சர்வீஸ் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் சொல்ல முடியவில்லை. எந்தப் பொருள், எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

முதலில் வீடு தேடி வரும் கூரியர். ஆர்டர் போடும்போது பின்கோடு கொடுத்தால் 'டெலிவரி உண்டு' என்று காட்டிவிடும். ஆனால் ஒரே பின்கோட்டுக்குள் டவுனும் இருக்கும், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்துச் சாலையும் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பைக்கில் வருகிற பையனுக்கு ஒன்றில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மிஷினுக்கு ஒரு சல்லடை ஆர்டர் போட்டேன். காலையில் 'டெலிவரிக்குக் கிளம்பியது' என்று மெசேஜ் வரும். சாயங்காலம் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று வரும். நான் திண்ணையில் உட்கார்ந்து இலை உருவிக்கொண்டிருக்கிறேன்! மூன்று நாள் இப்படியே போய், நான்காம் நாள் பார்சல் விற்றவருக்கே திரும்பிப் போய்விட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் 'மூன்று முறை முயற்சி செய்திருக்கிறோம் சார்' என்றார்கள்.

அப்புறம் அந்தப் பையனையே ஒருநாள் பேக்கரியில் பிடித்துக் கேட்டேன். "அண்ணா, பார்சலுக்கு இத்தனை ரூபாய்னுதானுங்க எனக்குக் கணக்கு. பெட்ரோல் என்னோடது. உங்க ஒரு பார்சலுக்காக வந்து போனா கைக்காசு போயிருமுங்க. அந்தப் பக்கம் ஆறு சேர்ந்தா வந்துருவேன்" என்றான். பார்சல் கையில் இருந்தும் கொண்டுபோகாவிட்டால் ராத்திரிக்குள் போனில் ஏதாவது ஒரு காரணத்தை அமுக்கியாக வேண்டுமாம். அவன் அமுக்குகிற காரணம்தான் நமக்கு வரும் மெசேஜ். கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையில் வந்து பார்த்திருந்தால் போனில் ஒரு மிஸ்டு கால் இருக்கும். அழைப்பே இல்லாமல், இருட்டிய பிறகு 'வீட்டில் இல்லை' என்று வந்தால் வண்டி நம் ஊர்ப்பக்கமே திரும்பவில்லை என்று அர்த்தம். முதல் தடவை அப்படி வந்ததுமே மறுநாள் காலையில் ஆர்டர் எண்ணையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் அவர்கள் குடோனுக்கே போய்விடுவேன். ஒன்பது மணிக்குள் போகவேண்டும், அதற்குமேல் பைகள் வண்டியில் ஏறிவிடும். மூன்றாவது மெசேஜுக்காகக் காத்திருந்தால் பார்சல் திரும்பும் மூட்டைக்குள் போய்விடும், எடுக்க முடியாது.

முகவரியையும் மாற்றினேன். எங்கள் ஜில்லாவில் புதுப்பாளையம் என்றால் எந்தப் புதுப்பாளையம் என்று கேட்கவேண்டும், அத்தனை இருக்கிறது. ஊர்ப்பெயரோடு தபால் நிலையத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் பார்சல் வேறு பாளையத்துக்குப் போவது நின்றது. கதவு எண்ணுக்குப் பதில் மெயின் ரோட்டு மளிகைக்கடையை எழுதி, கடைக்காரரின் நம்பரை இரண்டாவது நம்பராகக் கொடுத்தேன். பையன் உள்ளே மூன்று கிலோமீட்டர் வரவேண்டியதில்லை. ஓடிபி கேட்கிற பார்சலுக்கு மட்டும் போன் வரும்போது நான் சிக்னல் இருக்கிற இடத்தில் இருக்கவேண்டும். மிஷின் ரூமுக்குள் சிக்னல் கிடையாது, அதனால் இரண்டு பார்சல் தவறியிருக்கிறது.

வெளியே அனுப்புவதற்கு எனக்குத் தபால்தான். எங்கள் கிளை அஞ்சலகம் ஒரு வீட்டுத் திண்ணை அறையில், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். அங்கேயே ஸ்பீட் போஸ்ட் பதிவு செய்து ரசீது தந்துவிடுகிறார்கள். கவனிக்கவேண்டியது பை கட்டும் நேரம். அதற்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் பார்சல் அன்று ராத்திரி அந்த அறையிலேயே தூங்கும். சனிக்கிழமை பிந்தினால் திங்கட்கிழமைதான். இப்போதும் சில வாடிக்கையாளர்கள் ரிஜிஸ்டர் போஸ்ட்டில் அனுப்பச் சொல்கிறார்கள். 2025 செப்டம்பரிலிருந்து அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

காசு விஷயத்தில் நான் ஏமாந்தது பெட்டியால். முருங்கைப் பொடி இடத்தை அடைக்கும், எடை இருக்காது. இரண்டு கிலோ பொடியை 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றையும் பெருக்கினால் 15,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 3. அதாவது இரண்டு கிலோ சரக்குக்கு மூன்று கிலோ கட்டணம். அளவுக் கணக்கு, தராசுக் கணக்கு இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுப்பார்கள். இப்போது 25, 20, 18 பெட்டி. 9,000-ஐ வகுத்தால் 1.8 வருகிறது, அதனால் தராசு எடையே போதும். பாக்கெட்டில் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு ஒட்டினால் பொடி தாராளமாக அடங்குகிறது. கூரியர்காரர்களும் பெரும்பாலும் இதே 5,000 கணக்குத்தான் போடுகிறார்கள்.

அவசரம் என்றால் மட்டும் டவுன் பஸ். ஒரு கார்த்திகை மாதம், ஐம்பது கிலோ இலை அரைக்கக் காத்திருக்கும்போது மிஷின் பெல்ட் அறுந்தது. அதை அப்படியே விட்டால் இலை ஈரம் இழுத்து நிறம் போய்விடும். தாராபுரம் கடைக்குப் பெல்ட் நம்பரைச் சொல்லிப் பணத்தை ஜிபே-யில் போட்டேன். கடைப் பையன் பெல்ட்டைப் பேப்பரில் சுற்றி, என் நம்பரைப் பெரிதாக எழுதி, கண்டக்டரிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸை முன்பக்கம் நம்பர் தெரியப் போட்டோ எடுத்து அனுப்பினான். முக்கால் மணி நேரத்தில் பெல்ட் கையில். கண்டக்டருக்கு முப்பது ரூபாய்.

ஆனால் இது ரசீது இல்லாத ஏற்பாடு. தொலைந்தால் யாரையும் கேட்க முடியாது, அதனால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் இதில் ஏற்றுவதில்லை. முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும்போது கொடுத்தால் மறந்துவிடுவார்கள். ஒருமுறை நான் டீக்கடைக்குள் நின்றதால் பஸ் நிற்காமல் போய், பார்சல் கடைசி ஸ்டாப் வரை சுற்றிவிட்டு மறு நடையில் வந்தது. ரோட்டோரம் கை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். டிரைவர் மதியம் மாறினாலும் என் பெயரைச் சொல்லி ஞாபகப்படுத்தும்படி கண்டக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடைப் பையனிடமே சொல்லிவைத்திருக்கிறேன்.

காலை எட்டே முக்கால் நடையில் வருகிற கண்டக்டர் அண்ணன் அடுத்த மாதத்தோடு வேறு ரூட்டுக்குப் போகிறாராம். புதிதாக வருகிறவரை ஸ்டாண்டில் பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஸ்டாப்பையும் நம்பரையும் சொல்லிவைக்க வேண்டும்.